ஐம்பது பைசா தரகா, தரகே இல்லாத கணக்கா: ஒரு வருடக் கணக்கை வைத்து ஒரு பதில்

கேள்வி: ஐயா, அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் அலுவலகம் உள்ள ஒரு பெரிய தரகு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு இருக்கிறது. ஐம்பது பைசா தரகு. ஆர்டர் எல்லாம் போனில்தான் சொல்வேன். இப்போது ஏழு லட்சம் ரூபாய்க்குப் பங்கு இருக்கிறது. டெலிவரி மட்டும்தான், அன்றன்றைக்கு வாங்கி விற்கும் வேலை கிடையாது. டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் மாறினால் தரகே இல்லை என்று அக்கா மகன் சொல்கிறான். எனக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? போன வருடத்துக் காண்ட்ராக்ட் நோட்டுகளையும் லெட்ஜரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: காண்ட்ராக்ட் நோட்டோடு லெட்ஜரையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. வாங்கி விற்றதற்குத் தரகர் தரும் ரசீதான காண்ட்ராக்ட் நோட்டில் தரகும் வரிகளும் சந்தைக் கட்டணங்களும் மட்டுமே இருக்கும். பங்கை விற்கும்போது, பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து வெளியே எடுப்பதற்கான டி.பி. கட்டணமும், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் லெட்ஜரில்தான் பற்று எழுதப்படும். நோட்டை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் ஆவணங்களின்படி, சென்ற நிதியாண்டில் 36 முறை வாங்கியிருக்கிறீர்கள். அவற்றில் 24 ஆர்டர்கள் இருபதாயிரம் ரூபாயை ஒட்டியவை. மாதத்துக்கு ஒன்றாக வாங்கிய மற்ற 12 ஆர்டர்கள் ஏறத்தாழ 2,500 ரூபாய்க்கானவை. விற்றது 18 முறை, அவையும் சராசரியாக இருபதாயிரம் ரூபாய். வாங்கியது 5,10,000, விற்றது 3,60,000, ஆக மொத்தம் 54 ஆர்டர்களில் 8,70,000 ரூபாய்.

எந்தத் தரகரிடம் இருந்தாலும் மாறாத செலவை முதலில் ஒதுக்கிவிடுவோம். டெலிவரியில் வாங்கினாலும் விற்றாலும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், உங்களுக்கு அது 870 ரூபாய். வாங்கும்போது மட்டும் 0.015 சதவீத முத்திரைத் தீர்வை, 76 ரூபாய் 50 பைசா. லட்சத்துக்கு ஏறக்குறைய மூன்று ரூபாயாகும் பங்குச்சந்தைக் கட்டணம், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்புக்குப் போகும் கோடிக்குப் பத்து ரூபாய்க் கட்டணம், இவ்விரண்டின் மேல் ஜி.எஸ்.டி. ஆகியவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 980 ரூபாய் ஆகிறது. தரகே இல்லை என்று விளம்பரம் செய்யும் நிறுவனமும் இந்தத் தொகையை உங்களிடம் வாங்கித்தான் தீரும்; ஆகவே இரு பக்கத்திலும் இதை எழுத வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கொடுத்துவரும் தரகைப் பார்ப்போம். ஐம்பது பைசா என்பது நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா, அதாவது அரை சதவீதம். இருபதாயிரம் ரூபாய் ஆர்டர் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் 42 ஆர்டர்களுக்கு 4,200 ரூபாய். 2,500 ரூபாய் ஆர்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய்தானே வரவேண்டும்? ஆனால் உங்கள் நோட்டுகளில் 25 ரூபாய் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சத் தரகு என்றொரு விதி கணக்குத் தொடங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட கட்டண அட்டவணையில் இருக்கும். அதனால் அந்தப் பன்னிரண்டு சிறு ஆர்டர்களுக்கும் உங்கள் தரகு அரை சதவீதம் அல்ல, ஒரு சதவீதம். பரிவர்த்தனை மதிப்பில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் தரகு கூடாது என்பது செபி வைத்திருக்கும் உச்சவரம்பு. எனவே இது விதிமீறல் இல்லை, ஆனால் கவனிக்க வேண்டிய இடம். மொத்தத் தரகு 4,500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 810, ஆக 5,310 ரூபாய்.

டி.பி. கட்டணம் ஆர்டர் கணக்கில் வருவதில்லை; ஒரு நாளில் ஒரு நிறுவனத்தின் பங்கை எத்தனை தவணையாக விற்றாலும் ஒரே கட்டணம்தான். உங்களுடைய 18 விற்பனைகளில் மூன்று, அதே நாளில் அதே பங்கை இரண்டாம் முறை விற்றவை என்பதால் 15 பற்றுகளே உள்ளன. ஒன்றுக்கு 25 ரூபாயும் வரியும் சேர்ந்து 29.50 வீதம் 442.50. (ஒரே பங்கைப் பாதி இன்று, பாதி நாளை என்று விற்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அதற்கு இரண்டு கட்டணம் விழும்.)

ஆண்டுப் பராமரிப்புக்கு வரியோடு 590 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்றொரு வகை உண்டு. 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அந்த வகையில் இருப்பு நான்கு லட்சம் வரை பராமரிப்புக் கட்டணம் இல்லை. நான்கு முதல் பத்து லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாயும் வரியும் மட்டுமே. ஏழு லட்சம் வைத்திருக்கும் உங்களுக்கு அது 118 ரூபாய். அந்த வகைக்குத் தகுதி பெற, முதல் பெயராக உங்களுக்கு நாட்டில் ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்கலாம். எப்போதோ வங்கியில் தொடங்கி மறந்துபோன கணக்கு ஒன்று இருக்கிறதா, சாதாரணக் கணக்காகவே தொடரச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இந்த 472 ரூபாய், தரகரை மாற்றாமலே மிச்சப்படுத்தக்கூடிய பணம். ஆகவே இரு பக்கமும் 118 என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் இப்போதைய தரகரிடம் உங்கள் ஆண்டுச் செலவு 5,870 ரூபாய் 50 பைசா.

டிஸ்கவுண்ட் தரகர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. டெலிவரிக்குத் தரகே வாங்காதவர்கள் ஒரு வகை. டெலிவரி ஆனாலும் ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையில் உங்களுக்குத் தரகு இல்லை, டி.பி. கட்டணம் 13 ரூபாயும் வரியும் என்று கொண்டால் 15 பற்றுக்கு 230 ரூபாய் 10 பைசா, பராமரிப்புக்கு 118, ஆக 348 ரூபாய் 10 பைசா. இரண்டாம் வகையில் 54 ஆர்டருக்கு வரியோடு 1,274.40 கூடி, 1,622 ரூபாய் 50 பைசா. முதல் வகைக்கு மாறினால் 5,522 ரூபாயும், இரண்டாம் வகைக்கு மாறினால் 4,248 ரூபாயும் மிஞ்சும் என்று தெரிகிறது. உங்கள் அக்கா மகன் சொன்னது இதுவரை சரி.

ஆனால் அவர் கைப்பேசியில் விரலால் தட்டி வாங்குகிறவராக இருப்பார். நீங்கள் போனில் சொல்கிறவர். பிசான நடவு நேரத்தில் மூட்டைக்கு நடுவே நின்றுகொண்டு பங்கு விலை பார்க்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. டிஸ்கவுண்ட் தரகர்களில் பலர், போனில் சொல்லும் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள், வரியோடு 59. ஐம்பத்து நான்கு ஆர்டர்களையும் போனிலேயே சொன்னால் 3,186 ரூபாய். தரகே இல்லாத கணக்கின் செலவு 348லிருந்து 3,534 ரூபாய் 10 பைசாவாக ஏறிவிடும். இருபது ரூபாய்க் கணக்கில் அது 4,808 ஆகிவிடும், இப்போதைய செலவுக்கும் அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் வித்தியாசம். போனில் விற்பதென்றால் இன்னொன்றும் தேவை: டி.டி.பி.ஐ. எனப்படும் அதிகாரப் பத்திரத்தை ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு விற்பனைக்கும் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை நீங்களே உள்ளிட்டு அனுமதிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. பலர் அதைக் கேட்பதே இல்லை. பாளையங்கோட்டை அலுவலகத்தின் கிளை மேலாளரிடம் போய், தரகை இருபத்தைந்து பைசாவாகக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். பன்னிரண்டு வருட வாடிக்கையாளருக்கு இது நடக்கக்கூடிய பேச்சுதான். நடந்தால் பெரிய ஆர்டர்கள் 42க்கும் 50 வீதம் 2,100, சிறிய பன்னிரண்டுக்கும் குறைந்தபட்சத் தரகு 300, வரி 432, ஆக 2,832, டி.பி., பராமரிப்பு இரண்டையும் சேர்த்தால் 3,392 ரூபாய் 50 பைசா. எல்லா ஆர்டரையும் போனில் சொல்லும் உங்களுக்கு, தரகே இல்லாத கணக்கைவிட இது 141 ரூபாய் குறைவு! குறைந்தபட்சத் தரகையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாவிட்டால், 2,500 ரூபாய் ஆர்டரை மாதா மாதம் போடாமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐயாயிரமாகப் போட்டாலே, புதிய விகிதத்தில் அதற்கான தரகு 300லிருந்து 150 ஆகிவிடும். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அடுத்த காண்ட்ராக்ட் நோட்டில் ஒரு பங்குக்கான தரகு என்ற பத்தியைச் சரிபாருங்கள். வாய்ச்சொல்லில் குறைத்த தரகு சில மாதங்களில் பழையபடி ஏறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் கருத்து இது. 54இல் நாற்பது ஆர்டரையாவது செயலியில் நீங்களே போட முடியும் என்றால் தரகில்லாத கணக்குக்கு மாறுங்கள். மீதி 14 போன் ஆர்டர்களுக்கு 826 ரூபாய் போனாலும் செலவு 1,175 ரூபாயைத் தாண்டாது. முடியாது என்றால் இருக்கிற இடத்திலேயே தரகைப் பேசிக் குறையுங்கள். ஒன்றைமட்டும் சேர்த்துப் பாருங்கள்: தரகு இல்லை என்றதும் ஆர்டர்களைக் கூட்டிவிடுகிறவர்கள் உண்டு. தரகு போனாலும் பரிவர்த்தனை வரியும் டி.பி. கட்டணமும் ஒவ்வொரு விற்பனையிலும் தொடரும். விற்பனை 18லிருந்து 50 ஆனால் இந்த ஒப்பீடு செல்லாது.

மாறுவதாக முடிவு செய்தால், இருக்கிற பங்குகளை விற்று அங்கே திரும்ப வாங்காதீர்கள். அப்படிச் செய்தால் மூலதன ஆதாய வரி விழும். ஏழு லட்சத்துக்கு இரு பக்கமும் பரிவர்த்தனை வரியாகவே 1,400 ரூபாய் போகும். உங்கள் பெயரிலேயே உள்ள புதிய கணக்குக்குப் பங்குகளை மாற்றிப் பழைய கணக்கை மூடக் கோரும் படிவம் இருக்கிறது. பெயரும் பான் எண்ணும் ஒன்றாக இருந்தால் இதற்குக் கட்டணம் இல்லை. புதிய தரகர் தரும் வாடிக்கையாளர் விவரச் சான்றை அத்துடன் இணைக்க வேண்டும். லெட்ஜரில் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, பங்கு எதுவும் அடகில் இருக்கக் கூடாது. பங்குகள் வந்து சேரும் வரை சில நாட்கள் விற்க முடியாது. பழைய கணக்கை மூடாமல் விட்டால் இரண்டு டீமேட் ஆகிவிடும். 118 ரூபாய்ச் சலுகையும் போய்விடும்.

மாற்றப்பட்ட பங்குகளின் வாங்கிய விலை புதிய தரகரின் திரையில் தானாக வராது. நீங்கள்தான் தேதியோடு உள்ளிட வேண்டும். பழைய கணக்கை மூடியபின் அந்த நிறுவனத்தின் இணையக் கணக்கு திறக்காமல் போகலாம் என்பதால், பன்னிரண்டு வருடத்துக் காண்ட்ராக்ட் நோட்டுகளையும் மூடுவதற்கு முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.