டிடிங்கற டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ் ஷூ: கம் சோல் வழுக்குறது ஏன்? (கேள்வி பதில்)

ரெண்டு மாசம்தான் ஆச்சு, கம் சோல் ஷூ டிடி ஹால்ல வழுக்குது. டூப்ளிகேட்டா இருக்குமோ?

பெரும்பாலும் தூசிதாங்க. கம் ரப்பர் மெத்துனு இருக்கறதாலதான் தரையில நல்லா படிஞ்சு பிடிக்குது, நடுவுல மாவு மாதிரி தூசி ஒட்டிக்கிட்டா ரப்பர் தரையைத் தொடவே தொடாது. ஒரு துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சு கோர்ட் ஓரத்துல போடுங்க, ரெண்டு சோலையும் அதுல தேய்ச்சு, ஈரம் காஞ்சதும் இறங்குங்க. கீச்சுனு சத்தம் திரும்ப வந்துச்சுன்னா தூசிதான் காரணம்.

அப்படியும் வழுக்கினா கட்டைவிரல் நகத்தை சோல்ல அழுத்திப் பாருங்க. நகம் உள்ள அமுங்கி, எடுத்ததும் தடம் மெல்ல மறைஞ்சா ரப்பர் நல்லாருக்கு. அமுங்கவே இல்ல, மேல பளபளனு வேற இருக்குன்னா இறுகிப்போச்சு. என் ஷூ ஒண்ணு அப்படித்தான் போச்சு, ஒரு கோடை முழுக்க வண்டி டிக்கியிலயே வச்சிருந்தேன், மேல்பக்கம் புதுசு மாதிரி இருந்துச்சு, சோல் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுச்சு. சோலோட மேல்தோல் மட்டும் இறுகியிருந்தா நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சா கொஞ்ச நாள் ஓடும், உள்ள வரைக்கும் போயிருந்தா மாத்துறதுதான் வழி.

கம் சோல்னாதானே நான்-மார்க்கிங்? எவ்ளோ ஒட்டுதோ அவ்ளோ நல்லதுதானே சார்?

கம் சோல் பொதுவா கோடு போடாது, அது சரி. ஆனா கோடு போடாத சோல் எல்லாமே கம் கிடையாது, கெட்டி ரப்பர்லயும் நான்-மார்க்கிங் வருது. வெள்ளைத் தாள்ல அழுத்தித் தேய்ச்சா தெரிஞ்சிடும். ரெண்டாவது விஷயத்துல கவனம் வேணும் தம்பி, உடம்பு திரும்பும்போது பாதமும் கொஞ்சம் திரும்பணும், அது தரையில அப்படியே ஒட்டி நின்னா அந்த முறுக்கு முட்டிக்குப் போகும்.

நான் மாடியில சிமெண்ட் தரையில பேட்மிண்டன் ஆடுறேன், இதையே போடலாமா?

வேண்டாங்க. சிமெண்ட் மெத்து ரப்பரை அரம் மாதிரி ராவிடும்.

என் ரன்னிங் ஷூ ரொம்ப லேசு. டிடி, ஸ்குவாஷ் ரெண்டுக்கும் அது போதாதா?

எடையை விட குதிங்கால் உயரம்தான் பிரச்சனை. ரன்னிங் ஷூ நேரா ஓடுறதுக்கு, குதிங்கால்ல பஞ்சு உயரமா இருக்கும், டிடில பக்கவாட்டுல சட்டுனு கால் போடும்போது அது ஒரு பக்கம் சாஞ்சு கணுக்கால் பிசகும். டிடி ஷூ மெல்லிசா, தரையோட ஒட்டி இருக்கும். ஸ்குவாஷ்ல முன்னாடி பாஞ்சு குதிங்காலை ஊன்றோம், அங்க குஷன் வேணும், இழுபடுற முன்விரல் பக்கம் கெட்டியாவும் இருக்கணும். ஒண்ணுதான் வாங்க முடியும்னா ஸ்குவாஷ் ஷூ வாங்குங்கம்பேன், அதைப் போட்டு டிடி ஆடினா கால் கனமா இருக்குன்னு சொல்லி என் கூட ஆடுறவர் இதை இன்னும் ஒத்துக்கல, அவர் ரெண்டு ஜோடி வச்சிருக்கார்.