மாட்டைக் காட்டுங்கள், குச்சியை மறக்கவிடுங்கள்

கேள்வி: "அண்ணே, வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறேன். கதாநாயகன் கருப்பு, அலங்காநல்லூரில் பெயரெடுத்த மாடுபிடி வீரன். 14-ஆம் வாரம் சாகிறான். யாருக்கும் முன்னாடியே தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?"
– ஒரு வாசகி, மேலூர்

பதில்:

மாடு குத்திச் சாகிறான் என்றால் முதல் வாரமே தெரிந்துவிடும், தங்கச்சி. வாடிவாசல் முன்னால் நிற்கிறவனைப் பார்த்தாலே எல்லார் மனசும் அங்கேதான் போகும். அந்தப் பயத்தை வளர விட்டுவிட்டுச் சாவை வேறு இடத்தில் வையுங்கள். அவனுக்கு ஒரு தோட்டம், கிணற்றடியில் மோட்டார் ரூம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரம், அங்குள்ள ஸ்டார்ட்டர் பெட்டி லேசாக ஷாக் அடிக்கிறது, அதனால் வீட்டில் எல்லாரும் காய்ந்த குச்சியால்தான் பட்டனை அமுக்குகிறார்கள், குச்சியைக் காணோம் என்று அவன் அம்மா கத்துவது ஒரு சிரிப்புக் காட்சி. ஏழாம் வாரம் யாரோ அதே குச்சியை எடுத்து ஆட்டை விரட்டட்டும், ஒரே வரி போதும். அதற்கு மேல் காட்டினால் வாசகர் முழித்துக்கொள்வார். 13-ஆம் வாரம் ஜல்லிக்கட்டு, ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்புகிறான், வாசகர் மூச்சு விடுகிறார். மறுநாள் காலை தரையெல்லாம் ஈரம், கருப்பு வெறுங்காலோடு நிற்கிறான், குச்சி இல்லை.

ரகசியத்தை அதிகமாகக் காட்டிக்கொடுப்பது நம்முடைய பாசம்தான். சாகப்போகிறவன் என்று நமக்குத் தெரியும், அதனால் பத்தாம் வாரத்திலிருந்து அவனைத் திடீரென்று நல்லவனாக்கி, கடனை அடைக்கவைத்து, பிரிந்த அண்ணனோடு சேர்த்துவைத்துவிடுவோம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். சீட்டுப் பணம் பாக்கி இருக்கட்டும், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமலே இருக்கட்டும், தங்கை கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் அவன் அட்வான்ஸ் கொடுத்திருக்கட்டும். அந்த அட்வான்ஸ் 15-ஆம் வாரம் உங்களுக்கே உதவும்.

அப்புறம் காகிதம். என் கதை ஒன்று ஓவியரால் கசிந்தது. முழு அத்தியாயத்தையும் முன்கூட்டியே அனுப்பியது என் தப்பு, மாலை போட்ட போட்டோவை அவர் வரைந்து, அது முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. படத்துக்கு நடுக் காட்சியை மட்டும் கொடுங்கள், கடைசிப் பக்கத்தை ஆசிரியர் கையில் தனியாகக் கொடுங்கள். 1975-ல் 'மேஷ்' என்ற அமெரிக்க டிவி தொடரில் இதைத்தான் செய்தார்கள். அதில் வரும் ராணுவ டாக்டர் ஹென்றி பிளேக் பணி முடிந்து ஊருக்குக் கிளம்புவதோடு ஸ்கிரிப்ட் முடிகிறது என்றே நடிகர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள். மற்றக் காட்சிகளை எடுத்து முடித்த பிறகுதான், அவர் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி உள்ள கடைசிப் பக்கம் அவர்கள் கைக்கு வந்தது. 'அடுத்த வாரம்' வரியையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அனுப்பும் முன் கதை தெரியாத ஒருவரிடம் 13 அத்தியாயத்தையும் கொடுத்து, அடுத்த வருஷம் கருப்பு என்ன செய்துகொண்டிருப்பான் என்று கேளுங்கள். "செத்துரமாட்டான்ல?" என்றால் எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டு அதை வெட்டுங்கள். தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 14-ஐக் கொடுங்கள், படித்து முடித்ததும் அவர் மூன்றாம் வாரத்தைத் தேடி எடுக்கிறாரா என்று பாருங்கள்.