கணக்கு டேலி ஆகிறது, தேதி எங்கிருந்து வந்தது?

"உள் தணிக்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் '90 விழுக்காட்டுக்கு மேல் விண்ணப்பங்களைக் குறித்த காலத்தில் முடித்தோம்' என்று அறிக்கை கொடுக்கிறது. அவர்கள் தந்த எக்செல்லில் மறுபடி கணக்குப் போட்டேன், சரியாக வருகிறது. இது போதுமா?"

போதாது. "அதான் டேலி ஆகிறதே, கையெழுத்தைப் போடுங்கள்" என்று உங்கள் மேலதிகாரி இந்நேரம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த எக்செல்லில் அவர்கள் சூத்திரத்தையே போட்டால் அவர்கள் எண்தானே வரும்?

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். உரிமம் வழங்கும் ஒரு பொது அமைப்பு, பெயர் வேண்டாம். விண்ணப்பம் பெற்ற 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது இலக்கு. ஆண்டறிக்கையில் 92.5% என்று போட்டிருந்தார்கள். நான்கு வட்டார அலுவலகங்கள் 98, 96, 95, 81 என்று அனுப்பிய விழுக்காடுகளைக் கூட்டி நான்கால் வகுத்த எண் அது. முதல் மூன்று அலுவலகங்களும் முடித்தவை முறையே 500, 700, 800 விண்ணப்பங்கள். 81 வாங்கிய நான்காவது அலுவலகம் முடித்தது 6,000. மொத்தம் 8,000 விண்ணப்பங்களில் நேரத்துக்குள் முடிந்தவை 6,782. அதாவது 84.8%. விழுக்காடுகளுக்குச் சராசரி எடுத்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள். வேலை அதிகமுள்ள அலுவலகமும் வேலை குறைந்த அலுவலகமும் அதில் ஒரே எடை பெற்றுவிடும்.

அடுத்து வகுக்கும் எண். அந்த 8,000 எல்லாமே முடித்துவைத்த விண்ணப்பங்கள். 30 நாட்களைத் தாண்டியும் முடியாமல் மேசையில் கிடந்தவை 600. அவை முடியவில்லை என்பதால் கணக்கிலேயே இல்லை. சேர்த்தால் 78.9%. ஒரு கோப்பை முடிக்காமல் வைத்திருக்கும் வரை அது இந்த விழுக்காட்டை, அதாவது செயல்திறன் குறியீட்டைக் கெடுக்காது, முடித்தால்தான் கெடுக்கும். இப்படி ஒரு விதி இருந்தால் தாமதமான கோப்பை யார் தொடுவார்கள்? குறியீட்டின் வரையறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'பெற்ற', 'முடித்த' என்பவற்றுக்கு எந்தத் தேதி என்று அதில் இல்லை என்றால், அதுவே உங்கள் முதல் குறிப்பு.

இதுவரை செய்ததெல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. உண்மையான சோதனை பதிவறையில்தான். டேட்டாபேஸில் இருந்து 60 விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, காகிதக் கோப்போடு ஒப்பிட்டோம். பெரிய அலுவலகத்தில் மட்டும்தான், அங்கேதான் எண்ணிக்கை இருந்தது. அந்த 60இல் 49 நேரத்துக்குள் முடிந்ததாகக் கணினி சொன்னது. கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த வரவு முத்திரையில் இருந்து நாளை எண்ணினால், அந்த 49இல் 11 தாமதம். காரணம் எளிது. கணினியில் 'பெற்ற தேதி' என்ற கட்டத்தில் எழுத்தர் விண்ணப்பத்தைப் பதிந்த தேதிதான் இருந்தது. கவுன்டருக்கும் எழுத்தர் மேசைக்கும் நடுவே காகிதம் இரண்டு வாரம் தூங்கினாலும் கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை.

"வெறும் 60 கோப்பை வைத்து ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதா?" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள், தெரியும். 49இல் 11 என்பது 22%. மாதிரி சிறியது என்பதால் உண்மை அளவு ஏறக்குறைய 11க்கும் 34க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். சரியான விழுக்காடு இதுதான் என்று அறிவிக்க இது பற்றாது. அறிவித்த எண்ணை நம்ப முடியாது என்று சொல்ல இது தாராளம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தணிக்கையாளர் இத்தகைய குறியீடுகளுக்குச் சான்று தரும்போது 5% வரைதான் விலகலைப் பொறுத்துக்கொள்வார். இங்கே கீழ் எல்லையே அதைவிட இரண்டு மடங்கு.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. டேட்டாபேஸில் இருந்து கோப்புக்குப் போனால், டேட்டாபேஸில் இல்லாத விண்ணப்பம் ஒருநாளும் கண்ணில் படாது. எனவே எதிர்த்திசையிலும் போக வேண்டும். கவுன்டரின் தபால் வரவுப் பதிவேட்டில் 40 வரிகளை எடுத்து, ஒவ்வொன்றும் கணினியில் இருக்கிறதா என்று தேடினோம். நான்கு இல்லை. வேறு மூன்று, குறைபாடு என்று 29ஆம் நாளில் திருப்பி அனுப்பப்பட்டு, புது எண்ணோடு மறுபடி உள்ளே வந்திருந்தன. ஒரே விண்ணப்பம், இரண்டு 'நேரத்துக்குள் முடிந்தவை'. நாள்வாரியாக எத்தனை முடிந்தன என்று ஒரு வரைபடம் போட்டாலே இதன் வாடை அடிக்கும். எங்கள் வரைபடத்தில் 28, 29, 30ஆம் நாட்களில் ஒரு குன்று, 31இல் ஒரு பள்ளம். குன்று மட்டும் என்றால் கெடுவுக்குப் பயந்து உழைத்தார்கள் என்றும் சொல்லலாம். அதனால் வரைபடத்தை ஆதாரமாக எழுதாதீர்கள், எந்தக் கோப்பை எடுப்பது என்று முடிவு செய்யப் பயன்படுத்துங்கள்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதில் எவ்வளவு போகும் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு சான்று உண்டு. 2014இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், ஃபீனிக்ஸ் மருத்துவ அமைப்பில் 226 பேரின் காத்திருப்பை ஆராய்ந்தது. முதல் சந்திப்புக்கு அவர்கள் சராசரியாக 24 நாள் காத்திருந்ததாகத் துறைத் தரவு சொன்னது. ஆய்வில் வந்தது 115 நாள். அது தவிர, சுமார் 1,700 பேர் காத்திருப்புப் பட்டியலிலேயே இல்லை. நான் சொன்ன எதிர்த்திசைச் சோதனை இல்லாமல் இந்த 1,700 பேரைப் பிடிக்க முடியாது.

எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்தர் பதிந்த தேதியைப் போட்டது, திரையில் வேறு கட்டம் இல்லாததால். வேண்டுமென்றே செய்ததா என்று அறிய வேண்டுமானால் கணினியின் திருத்தப் பதிவைக் கேளுங்கள். கோப்பு முடிந்த பிறகு 'பெற்ற தேதி' மாறியிருந்தால் அதற்கு எழுத்தர் விளக்கம் தரட்டும். அதைக் கேட்டபோது எங்களுக்கு என்ன வந்தது தெரியுமா? அச்செடுத்து, ஸ்கேன் செய்து, பாதி சாய்ந்த பிடிஎஃப். தரவு கேட்டால் புகைப்படம் அனுப்புகிற இந்தப் பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத எனக்கு வயிற்றெரிச்சல் மிச்சம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பிரிவில் நேரே உட்கார்ந்து, எங்கள் கண் முன்னால் அட்டவணையை இறக்கச் சொல்லித்தான் வாங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், நடுவில் யார் கையும் படக்கூடாது.

அறிக்கையில் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணுக்குப் பதிலாக வைக்காதீர்கள். 78.9 கூட அந்தத் தப்பான தேதியில் பிறந்ததுதான். 'மூலத் தரவு நம்பத்தகாதது, விழுக்காட்டைச் சான்றளிக்க இயலாது' என்று எழுதிக் காரணங்களைக் கீழே கொடுங்கள். எங்கள் வரைவில் 'நம்பத்தகாதது' என்ற சொல்லை 'மேம்படுத்தத்தக்கது' என்று மாற்றச் சொல்லி மூன்று நிலைகளில் இருந்து வற்புறுத்தல் வந்தது. மாற்றவில்லை. அடுத்த ஆண்டு அறிக்கையில் அவர்கள் '30 நாள்' என்பதை '30 வேலை நாள்' என்று ஆக்கினார்கள். நாட்காட்டியில் அது 42 நாள். பழைய வரைபடத்தின் கோட்டையே தொடர்ந்து நீட்டியிருந்தார்கள், மாற்றம் அடிக்குறிப்பில் ஒரு வரி. உங்கள் நிறுவனத்தின் கடந்த சில ஆண்டு அறிக்கைகளை எடுத்து அடிக்குறிப்புகளை மட்டும் வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மதியம் போதும்.