தட்டினால் ஏறாத மீற்றர்

*கேள்வி: கிளிநொச்சியிலிருந்து எழுதுறன். கோடோவில போனுக்கு ஒரு சின்ன கேம் செய்யிறம். குளத்தின்ர வான்கதவைத் திறக்க பட்டனை வேகமாத் தட்டவேணும். ஒரு தட்டுக்கு மீற்றர் 0.06 ஏறும், செக்கனுக்கு 0.15 இறங்கும், 1 வந்தா கதவு திறக்கும். பிறகு யானை வயலுக்குள்ள வரேக்க திரையில வாற பட்டனை 0.6 செக்கனுக்குள்ள அமத்தினாத்தான் யானை வெடி வெடிக்கும். என்ர மாமாவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழ இல்லை, வலது கையில பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டுந்தான். ஆசையா விளையாடத் தொடங்கினவர் வான்கதவோட நிண்டிட்டார். 1 ஐ 0.7 ஆக்கியும் பார்த்தன், சரிவரேல்லை. விறுவிறுப்புக் கெடாம இதை என்னெண்டு மாத்துறது?*

0.7 அல்ல, 0.2 ஆக்கியிருந்தாலும் மாமாவுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. காரணம் நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. செக்கனுக்கு 0.15 இறங்குகிற மீற்றரை இறங்காமல் நிறுத்தி வைக்க மட்டுமே செக்கனுக்கு இரண்டரைத் தட்டு வேண்டும். செக்கனுக்கு ஆறு தட்டுத் தட்டுகிற ஒருவருக்கு 0.36 ஏறி 0.15 இறங்கும், மிச்சம் 0.21, ஐந்து செக்கனுக்குள் கதவு திறந்துவிடும். செக்கனுக்கு இரண்டு தட்டுத்தான் முடியும் என்றால், ஒரு தட்டில் ஏறிய 0.06 அடுத்த தட்டு விழுவதற்குள் முழுவதும் இறங்கிவிடும். அவர் எவ்வளவு நேரம் தட்டினாலும் மீற்றர் அடியை விட்டு எழும்பாது. மாமா தட்டும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். மீற்றர் சிறிது எழும்பி, திரும்பத் திரும்ப அடிக்கே வருகிறதென்றால் சிக்கல் இதுதான்.

அதனால் இலக்கைக் குறைப்பதோ, ஒரு தட்டுக்கு ஏறுவதைக் கூட்டுவதோ தீர்வு இல்லை. மாமாவுக்குச் சரிவந்தாலும், இன்னும் மெதுவாகத் தட்டுகிற வேறொருவர் அதே இடத்தில் நிற்பார். வேகத்தையே கேட்காத வழி வேண்டும். தட்டுவதை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இரண்டு தெரிவுகளைச் சேருங்கள்: அழுத்திப் பிடிப்பது ஒன்று, ஒருமுறை அழுத்திவிட்டு விடுவது மற்றது.

```gdscript
match Settings.crank_mode:
    "tap":
        if Input.is_action_just_pressed("crank"):
            fill += 0.06
        fill -= 0.15 * delta
    "hold":
        if Input.is_action_pressed("crank"):
            fill += 0.25 * delta
    "once":
        if Input.is_action_just_pressed("crank"):
            running = true
        if running:
            fill += 0.25 * delta
fill = clampf(fill, 0.0, 1.0)
```

இது `_process(delta)` உள்ளே வரவேண்டும். `fill`, `running` இரண்டையும் வெளியே அறிவித்து, ஒவ்வொரு கதவுக் காட்சியும் தொடங்கும்போது 0.0, `false` என்று திரும்ப வையுங்கள். மறந்தால் முதற்கதவில் `true` ஆன `running` இரண்டாவது கதவையும் ஆள் தொடாமலே திறந்துவிடும். `Settings` என்பது எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான ஒரு ஓட்டோலோட் ஸ்கிரிப்ட்.

0.25 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேகத்தில் கதவு நான்கு செக்கனில் திறக்கும். வேகமாகத் தட்டுகிறவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான் எடுக்கிறது. அழுத்திப் பிடிக்கிறவரை பத்துச் செக்கன் காக்க வைப்பது தண்டனை. சில கேம்களில் இதைக் கண்டிருக்கிறேன், எனக்கு ஏற்க முடியாத ஒன்று.

அழுத்திப் பிடிக்கும் பகுதியில் இறக்கம் இல்லாததையும் கவனியுங்கள். விரல் சோர்ந்தோ நடுங்கியோ ஒரு கணம் எழும்பினால் மீற்றர் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். பலர் தட்டுவதற்கான பகுதியில் இருந்த இறக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் தட்டுகிற சிக்கல் வேறு வடிவத்தில் திரும்ப வரும்.

அழுத்திப் பிடிப்பதை வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நிறுத்திவிட வேண்டாம். விரலை ஒரே அழுத்தத்தில் நான்கு செக்கன் வைத்திருப்பது சிலருக்குத் தட்டுவதைவிடக் கடினம். தசை இறுகினால், வைத்த விரலை எடுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். `once` அவர்களுக்காக. அதில் இரண்டாவது அழுத்து எதையும் நிறுத்தக் கூடாது. கை நடுங்குகிறவர் ஒருமுறை அழுத்த நினைத்தாலும் இரண்டு மூன்று தொடுகை விழும். ஒரு தொடுகை தொடங்கவும் அடுத்தது நிறுத்தவும் செய்தால் கதவு ஆடிக்கொண்டே நிற்கும். இடையில் நிறுத்தும் தேவை வந்தால் அதற்குத் தனியாக ஒரு பின்செல்லும் பட்டன் போதும்.

போன் என்பதால் இன்னொரு விடயம். இரண்டு கையாலும் போனைப் பிடிப்பவருக்காகத்தான் பட்டன்களைத் திரையின் இரு மூலையிலும் வைக்கிறோம். மாமா பெரும்பாலும் போனை மேசையிலோ மடியிலோ வைத்துத்தான் விளையாடுவார். பெருவிரலால் பட்டனைத் தொடும்போது சுண்டுவிரலோ உள்ளங்கை ஓரமோ திரையில் பட்டுவிடும். நேரம் போகப் போகப் பெருவிரலும் பட்டனின் எல்லையை விட்டு மெல்ல வழுகும். கேம் இவற்றைப் புதிய தொடுகை, விட்ட விரல் என்று தப்பாக எடுத்தால் கதவு விட்டுவிட்டு ஏறும். வான்கதவுக் காட்சியில் திரை முழுவதையுமே பட்டனாக்குங்கள். `InputEventScreenTouch` இல் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு `index` வரும். முதலில் பட்ட விரலின் எண்ணைக் குறித்துவைத்து, அதே எண்ணுடைய விரல் எழும்பினால் மட்டும் விட்டதாகக் கணக்கெடுங்கள். மற்ற விரல்கள் வந்தாலென்ன போனாலென்ன, பொருட்படுத்த வேண்டாம்.

கதவு திறந்து முடியும் கணத்தில் விரல் இன்னும் திரையில் இருக்கும். அடுத்த காட்சியில் அதே தொடுகைக்கு வேறு வேலை இருந்தால் கேட்காமலே அது நடந்துவிடும். விரல் ஒருமுறை எழும்பும்வரை அடுத்த செயலைத் தொடங்க விடாதீர்கள். `once` இல் விளையாடுகிறவருக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம்; அவருக்குப் புதிய தொடுகையை மட்டும் பாருங்கள்.

இனி யானை. இங்கே கேட்பது வேகத்தட்டு அல்ல, உடனடி எதிர்வினை. 0.6 செக்கனில் கண் பட்டனைக் காணவேண்டும், அது எங்கே இருக்கிறதென்று மனம் பிடிக்கவேண்டும், பிறகு கை அங்கே போகவேண்டும். மேசையில் கிடக்கும் போனில் ஒரே பெருவிரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்கே அந்த நேரம் காணாது. முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்: திரையில் எங்கே தொட்டாலும் வெடி கொளுத்தப்படட்டும். பிறகு நேரத்துக்கு மூன்று தெரிவு வையுங்கள். இப்போதுள்ள 0.6 ஒன்று. நேர எல்லையே இல்லாதது ஒன்று. அதில் யானை வயல் ஓரத்தில் காதை அசைத்துக்கொண்டு நிற்கும், விளையாடுகிறவர் தொடும்வரை உள்ளே இறங்காது. மூன்றாவது, தானாக நடப்பது. 0.6 ஐ 1.2 ஆக்கி இரட்டிப்பாகக் கொடுத்தால் போதாதா என்று தோன்றலாம். சிலருக்குப் போதும், பலருக்குப் போதாது. நேர எல்லை இல்லாத தெரிவு இருந்தால் எவ்வளவு நேரம் கொடுப்பது என்று நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை.

யானை வரும்போது உலகத்தை மெதுவாக்கிக் காட்ட ஆசைப்பட்டு `Engine.time_scale = 0.1` என்று வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. `_process` க்கு வரும் `delta` வும் பத்திலொன்றாகும். அந்த நேரத்தில் அழுத்திப் பிடிக்கும் மீற்றர் ஏதும் ஓடினால் நான்கு செக்கன் வேலை நாற்பது செக்கனாகிவிடும். விளையாடுகிறவரின் கையை அளக்கும் கணக்குகளை `Time.get_ticks_msec()` தரும் உண்மை நேரத்தில் வையுங்கள்.

விறுவிறுப்பைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். வான்கதவு திறக்கிற இடத்தில் நெஞ்சை இழுப்பது கட்டைவிரல் வலி அல்ல. இரணைமடுவில் வான்கதவு திறக்கிற நாளில் பார்க்கப் போகிற சனம் எதையும் தட்டுவதில்லை. கதவு எழும்புவதையும் தண்ணீர் சீறி வருவதையுந்தான் பார்த்து நிற்கிறது. அந்த நான்கு செக்கனையும் `fill` உடன் கட்டுங்கள். 0.2 இல் இரும்பு கிறீச்சிடட்டும், 0.4 இல் கதவுக்கடியில் முதல் நீர்க்கோடு தெரியட்டும், 0.8 இல் இரைச்சல் மற்றச் சத்தங்களை மூடட்டும், போன் அதிரட்டும். மூன்று தெரிவிலும் இதே `fill` ஓடுவதால் எல்லாருக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும். யானைக் காட்சியிலும் அப்படித்தான். யானை நெருங்கி நிற்கும்போது மூச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனால், நேர எல்லை இல்லாமலே பதற்றம் வரும்.

பெரிய நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. அன்சார்ட்டட் 2 இன் முடிவில் பட்டனை வேகமாகத் தட்டவேண்டிய ஓர் இடத்தை, உடல் இயலாமையுள்ள ஜோஷ் ஸ்ட்ராப் என்ற விளையாட்டு விமர்சகரால் தனியாகக் கடக்க முடியவில்லை. அதை அவர் நோட்டி டாக் நிறுவனத்தாரிடம் எடுத்துச் சொன்னார். 2016 இல் வந்த அன்சார்ட்டட் 4 இல், தட்டுவதை அழுத்திப் பிடிப்பதாக மாற்றும் தெரிவு இருந்தது. 2018 இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில், திரையில் திடீரென வரும் பட்டன்களைத் தானாக முடிக்கும் தெரிவும் இருந்தது.

தெரிவை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கேம் முதன்முதல் திறக்கும்போதே, கதை தொடங்குமுன் கேளுங்கள். மருத்துவக் கேள்வி போல் கேட்கவேண்டாம். "கதவை எப்படித் திறக்கப் போறீங்கள்: தட்டி, அழுத்திப் பிடிச்சு, ஒருக்கா அழுத்தி" என்று மூன்றையும் சமமாகக் காட்டினால் போதும். `user://settings.cfg` இல் `ConfigFile` மூலம் சேமித்துவிட்டால் அடுத்தமுறை கேட்கவேண்டியதில்லை. இடைநிறுத்தத் திரையிலும் அதே தெரிவு இருக்கட்டும். பாதிக் கதவில் மாற்றினாலும் `fill` பூச்சியமாகக் கூடாது. எந்தத் தெரிவில் விளையாடினாலும் பதக்கமோ புள்ளியோ குறையக் கூடாது.

திரையில் வரும் அறிவுறுத்தலும் தெரிவோடு மாறவேண்டும். அழுத்திப் பிடிக்கத் தெரிவு செய்தவருக்குத் துடிக்கிற விரல் படமும் "தட்டுங்கோ" என்ற எழுத்தும் வந்தால் தெரிவு வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தட்டத் தொடங்குவார், மீற்றரும் விட்டுவிட்டு ஏறும்.

கடைசியாக, முழுத் திட்டத்திலும் `is_action_just_pressed` என்று தேடுங்கள். வான்கதவை மட்டும் திருத்திவிட்டு, தள்ளுவண்டியை இழுக்கும் இடத்தையோ கிணற்றில் வாளி இழுக்கும் இடத்தையோ மறந்துபோவது வழக்கம். வேகத்தையோ நேரத்தையோ கேட்கிற ஒவ்வொரு இடமும் `Settings` ஐப் பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிறகு போனை மேசையில் வைத்து, முதற்காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை மாமாவையே விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து, திரையைப் பார்க்காமல், அவருடைய கையைப் பாருங்கள்.