‘கவனமாக’ என்பதில் பிழை இல்லை

கேள்வி: “‘அவர் கடிதத்தை கவனமாக படித்தார்’ என்று எழுதினேன். பிழை திருத்திக் கொடுப்பவர் ‘கவனமான முறையில் படித்தார்’ என்று மாற்றிவிட்டார். ‘ஆக’ போட்டது தவறா?”

தவறே இல்லை. ‘கவனம்’ என்னும் பெயர்ச்சொல்லோடு ‘ஆக’ சேரும்போது மகர மெய்யின் மேல் ‘ஆ’ என்னும் உயிர் ஏறிக் ‘கவனமாக’ என்றாகிறது. எப்படிப் படித்தார் என்று கேட்டால் அந்த ஒரு சொல்லே விடை சொல்லிவிடுகிறது. ‘முறையில்’ என்பதற்கு அங்கே வேலை இல்லை. சொல் கணக்கில் கூலி வாங்குகிற திருத்துநர்கள் சிலருக்கு இப்படி ஒரு சொல்லை இரண்டாக்குவது வழக்கமாகிவிட்டது. ‘வேகமாக’ என்பது ‘வேகமான முறையில்’ என்று திரும்பி வந்தால், என்ன பிழை கண்டார் என்று கேளுங்கள்.

உங்கள் வாக்கியத்தில் உண்மையான பிழைகள் இரண்டு உண்டு. இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் அதன்பின் வல்லினம் மிகும்; ‘ஆக’ என்பதன் பின்னும் மிகும். ஆகவே ‘கடிதத்தைக் கவனமாகப் படித்தார்’ என்று எழுத வேண்டும். சரியாக இருந்த சொல்லை மாற்றியவர், விடுபட்ட ஒற்றைத் திருத்தாமல் போனதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வினையடையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, ஒரு வாக்கியத்தையும் எழுத வைக்காத பாடமுறையில் வேறென்ன விளையும்?

ஐயம் வரும்போது ‘ஆக’ என்பதை நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும். ‘விரைவாக வந்தார்’ என்பதில் ‘விரைவு’ மிஞ்சுகிறது, சரி. ‘விரைந்தாக வந்தார்’ என்று எழுதினால் மிஞ்சுவது ‘விரைந்து’ என்னும் வினையெச்சம். அது ‘ஆக’ என்பதன் துணையின்றியே ‘விரைந்து வந்தார்’ என்று நிற்கும். ‘நல்ல’ என்பதும் பெயரன்று. அதனால்தான் எழுத்து வழக்கில் ‘நன்று’ என்பதிலிருந்து ‘நன்றாக’ என்கிறோம்.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஓர் இடம் உண்டு, அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ‘நட்பாகப் பேசினார்’ என்றால் பேச்சில் நட்பு இருந்தது என்று பொருள். பேசியவர் முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம். ‘நண்பராகப் பேசினார்’ என்றால், நண்பர் என்ற நிலையில் நின்று பேசினார் என்று பொருள். இரண்டிலும் மிஞ்சுவது பெயர்ச்சொல்தான், இரண்டும் இலக்கணப்படி சரிதான். ஆனால் முதலாவது செயலின் தன்மையைச் சொல்கிறது. இரண்டாவது செய்தவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொல்கிறது. ‘அவர் மருத்துவராகப் பேசினார்’ என்று எழுதினால், படிப்பவர் அவரை மருத்துவர் என்றே எடுத்துக்கொள்வார். அவர் மருத்துவரல்லர், அந்தத் தோரணையில் பேசினார் என்று சொல்ல வந்திருந்தால், ‘ஆக’ என்பதை விட்டுவிட்டு ‘மருத்துவரைப் போலப் பேசினார்’ என்று எழுதுங்கள்.