பூத்துப்போன சீனிப்பாகை மீட்பது
காரைக்குடியில் வீட்டு விசேஷத்துக்கு லட்டு பிடிக்கப் பாகு வைத்தேன், ஓரமெல்லாம் சீனி பூத்துவிட்டது. கொட்ட வேண்டியதுதானா?

வேண்டாம். அரை கிலோ சீனிக்கு அரை டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் கரையும்வரை மட்டும் மெதுவாகக் கலக்குங்கள். அப்புறம் கரண்டியே படக்கூடாது. சட்டி ஓரத்தில் ஒட்டியதை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். பெரும்பாலும் அங்கிருந்து விழும் ஒரு மணிதான் மொத்தப் பாகையும் பூக்க வைக்கிறது. கொதித்ததும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். அந்தப் புளிப்பு சீனியில் கொஞ்சத்தை உடைத்துவிடுவதால் மறுபடி மணி கட்டுவது குறையும்.

பதம் பார்க்கும்போது அடுப்பை அணையுங்கள், இல்லையென்றால் பார்ப்பதற்குள் முற்றிவிடும். ஒரு சொட்டை ஆறவிட்டு இரு விரலுக்கு நடுவே இழுங்கள். ஒற்றை இழை அறாமல் நின்றால் உடனே பூந்தியைக் கொட்டலாம்.