எலுமிச்சை அளவு புளி என்றால் எத்தனை கிராம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா எழுதி வைத்த வத்தக்குழம்புக் குறிப்பில் நாலு பேருக்கு ‘எலுமிச்சை அளவு புளி, 15 சின்ன வெங்காயம், அரை மூடி தேங்காய்’ என்று இருக்கிறது. அடுத்த வாரம் அதையே 40 பேருக்குச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கிராமில் எப்படி மாற்றுவது? புளிதான் ரொம்பக் குழப்புகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பயப்பட வேண்டியது புளிக்குத்தான். ‘எலுமிச்சை அளவு’ என்பதை நாம் கண்ணால் அளக்கிறோம். உருண்டையின் குறுக்களவு கொஞ்சம் கூடினாலும் எடை நிறையக் கூடிவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. 4 செ.மீ. உருண்டையையும் 5 செ.மீ. உருண்டையையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று சற்றே பெரியது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே அழுத்தத்தில் உருட்டியிருந்தால் பெரியதில் புளி ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். நாலு பேர் குழம்பில் அந்த வித்தியாசத்தை உப்பும் வெல்லமும் வைத்துச் சமாளிக்கலாம். பத்து மடங்காக்கும்போது தப்பும் பத்து மடங்காகிறது.

நான் செய்வது இது. 500 கிராம் கொட்டை எடுத்த புளியைப் பிரித்து, பாதியாக்குங்கள். அதைப் பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மொத்தம் நாலு முறை. 16 துண்டுகள் வரும், ஒவ்வொன்றும் 31 கிராம். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருட்டிப் பாருங்கள். சாதாரண எலுமிச்சம்பழம் அளவுக்கு வரும். அதை இன்னொரு முறை பாதியாக்கினால் 15 கிராம் சொச்சம். குறிப்புகளில் ‘நெல்லிக்காய் அளவு’ என்று வருவது ஏறக்குறைய அதுதான். தராசு இல்லாதவர்களுக்கும் இது போதும். ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் அடுத்த தடவை பாக்கெட்டைப் பிரித்த உடனே கை சரியாக எடுக்கும்.

உங்கள் அம்மாவின் எலுமிச்சை இதுதானா என்பது வேறு கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள, இப்போதே நாலு பேருக்கு ஒருமுறை குழம்பு வையுங்கள். 31 கிராம் துண்டில் தொடங்கி, ருசி பார்த்து, பழைய புளிப்பு வந்ததா என்று பாருங்கள். குறைந்தால் ஒரு சின்னத் துண்டு கரைத்துச் சேர்த்து, அதையும் கணக்கில் எழுதுங்கள். அம்மா கொட்டையோடு இருக்கும் புளியை வாங்கியிருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். அந்தப் புளியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையாகப் போய்விடும். அதனால் அவருடைய உருண்டையில் நிஜமான புளி 20 கிராம்கூட இல்லாமல் இருந்திருக்கலாம்.

40 பேருக்கு அந்தக் கணக்கில் சுமார் 310 கிராம் வரும். முழுவதையும் கரைத்துவிடுங்கள், ஆனால் முதலில் முக்கால் பங்குக் கரைசலை மட்டும் ஊற்றுங்கள். மீதியைக் கொதித்த பிறகு ருசி பார்த்து ஊற்றலாம். புளிப்பைக் கூட்டுவது எளிது, ஊற்றிய புளியைத் திரும்ப எடுக்க முடியாது.

வெங்காயம் அவ்வளவு தொல்லை இல்லை. ஒரு சின்ன வெங்காயம் 5 கிராமும் இருக்கும், 10 கிராமும் இருக்கும். 15 சேர்ந்தால் பெரிசும் சிறிசும் கலந்து சமன் ஆகிவிடும். கையில் வந்த பத்தைப் பொறுக்காமல் எடுத்து, உரித்து, நிறுத்துப் பாருங்கள். 75 கிராம் இருந்தால் 15 என்பது 110 கிராம், 40 பேருக்கு 1.1 கிலோ. தோலும் நுனியும் போகும் என்பதால் வாங்கும்போது 1.3 கிலோ வாங்குங்கள். 150 வெங்காயத்தை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

தேங்காயில் முதலில் சொல்லைச் சரிபார்க்க வேண்டும். உடைத்த தேங்காயின் ஒரு பாதிதான் மூடி. அப்படியென்றால் அரை மூடி என்பது முழுத் தேங்காயில் கால் பங்கு. சிலர் அரைத் தேங்காயையே ‘அரை மூடி’ என்று சொல்கிறார்கள், அங்கேதான் இரண்டு மடங்கு பிசகு வருகிறது. அம்மா எப்படிச் சொல்வார் என்று வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். எடைக்கு எளிய வழி உண்டு: மூடியைத் துருவும் முன் நிறுங்கள், துருவியதும் வெறும் சிரட்டையை நிறுங்கள். கழித்தால் துருவலின் எடை. நன்றாக முற்றிய நடுத்தரத் தேங்காயில் எனக்கு ஒரு மூடிக்கு 140 கிராம் அளவில் வரும். பருப்பு மெலிந்த இளங்காயில் 100ஐத் தொடவே கஷ்டப்படும். அதனால் 40 பேருக்கு ‘அஞ்சு மூடி’ என்று எழுதாமல் ‘துருவல் 700 கிராம்’ என்று எழுதி வையுங்கள்.

அம்மாவின் குறிப்பை அழிக்காமல், அதே தாளின் ஓரத்தில் இந்தக் கிராம் கணக்கை எழுதுங்கள். கொட்டை எடுத்த புளியா, உரித்த வெங்காயமா என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.